உடற்பயிற்சியே செய்து பழகாத கர்ப்பிணி எதில் தொடங்கலாம், எதைத் தொடக்கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கல்யாணத்துக்கு முன்னாடியும் ஒண்ணும் செஞ்சதில்ல. இப்போ மூணு மாசம் முடிஞ்சிருக்கு. இனிமேப் போய் தொடங்கலாமா?"

தொடங்கலாம். நடையில் தொடங்குங்கள். தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பெண்களுக்குப் பேறுகாலப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத்தான், பள்ளிக்கூடத்து விளையாட்டு வகுப்புக்குப் பிறகு ஓடியதும் இல்லை, குனிந்து நிமிர்ந்ததும் இல்லை. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மிதமான நடையால் கரு கலைவதில்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பெரும்பகுதி, உண்டாகும்போதே குரோமோசோமில் நேர்ந்த பிழையால் கலைகிறது. "அன்னிக்கு ரெண்டு தெரு நடந்தேன், அதான் போச்சு" என்று சொல்லி அழுத பெண்கள் உண்டு. அவர்கள் நடந்ததால் அது நடக்கவில்லை.

முதல் மூன்று மாதம் வாந்தியும் தளர்ச்சியுமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நான்காம் மாதம் சாப்பாடு வயிற்றில் தங்க ஆரம்பித்ததும் தொடங்கினால் போதும், ஒன்றும் கெட்டுவிடாது.

"டாக்டர் கிட்ட என்ன கேட்டுட்டு வரணும்?"

"நடக்கலாமா" என்று மட்டும் கேட்டால் "நடங்கம்மா" என்பதோடு முடிந்துவிடும். நான்கு விஷயங்களைப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

முதலாவது, ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று. கருப்பையின் வாயை மூடிக்கொண்டு கீழே கிடந்தால் ரத்தப்போக்கு வரலாம். ஐந்தாம் மாத ஸ்கேனில் "நஞ்சு கொஞ்சம் கீழே இருக்கு" என்றால் உடனே பதற வேண்டாம், கருப்பை வளர வளரப் பலருக்கு மேலே ஏறிவிடும். ஏழாம் மாதத்துக்கு அப்புறமும் வாயை மூடியே இருந்தால் பயிற்சி வேண்டாம்.

இரண்டாவது, கருப்பை வாய் போதிய நீளம் இருக்கிறதா, தையல் போட்டிருக்கிறதா என்று. தையல் போட்டவர்கள் நான் கீழே எழுதியிருக்கும் எதையும் மருத்துவர் சொல்லாமல் செய்யக்கூடாது. மூன்றாவது, பிபி. கர்ப்பத்தில் ஏறிய பிபியும் சிறுநீரில் புரதமும் இருந்தால் பயிற்சி கிடையாது. நான்காவது, ஹீமோகுளோபின். கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். 9, 10 என்று இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு மெதுவாக நடக்கலாம். 7-க்குக் கீழே போனால் முதலில் ரத்தம் ஏற வேண்டும், நடை அப்புறம்.

இதய நோய், நுரையீரல் நோய், ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்தது, நாள் ஆகும் முன்பே வலி வந்து அடங்கியது, இரட்டைக் குழந்தை, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் வாயால் கேட்காமல் தொடங்காதீர்கள். கிராம சுகாதார செவிலியர் எழுதித் தரும் தாய் சேய் அட்டையில் பிபியும் ஹீமோகுளோபினும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

"எவ்வளவு நேரம் நடக்கணும்? யூடியூப்ல ஒரு மணி நேரம்னு சொல்றாங்க."

உங்களுக்கு முதல் வாரம் 15 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். அவ்வளவுதான். வாரம் 150 நிமிடம் என்பது நாம் போய்ச்சேர வேண்டிய இடம், கிளம்புகிற இடம் அல்ல.

ஒருவர் எப்படிப் போனார் என்று சொல்கிறேன். வயது 27, தக்கலைப் பக்கம் துணிக்கடையில் பில் போடும் வேலை, நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தபடி. என்னிடம் வந்தபோது 15 வாரம், ஹீமோகுளோபின் 10.4, மற்றபடி ஒரு குறையும் இல்லை. வீட்டிலிருந்து குருசடி வரை தட்டையான ரோடு, போய்வர 15 நிமிடம். அதையே அளவாக வைத்தோம். முதல் மூன்று நிமிடம் கோயிலைச் சுற்றுவது போல மெதுவாக, நடுவில் ஒன்பது நிமிடம் பஸ் வரப்போகிறது என்று நடப்பது போல, கடைசி மூன்று நிமிடம் திரும்பவும் மெதுவாக. திங்கள், புதன், சனி மட்டும்.

மூன்றாவது வாரம் 20 நிமிடம் ஆக்கினோம். அதற்குக் குருசடியைத் தாண்டி ஏற்றத்தில் ஏற வேண்டியிருந்தது. அன்று மாலை போன் வந்தது, "அக்கா, மேல போகும்போது பேசவே முடியல, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. நின்ன உடனே சரியாயிட்டு" என்று. ஏற்றத்தை விட்டுவிட்டு, தட்டை ரோட்டிலேயே இன்னொரு முறை பாதிவரை போய்வரச் சொன்னேன். அடைப்பு மறுபடி வரவில்லை. நிமிடத்தைக் கூட்டும் வாரத்தில் ஏற்றத்தையும் சேர்க்கக்கூடாது, ஒரு சமயத்தில் ஒன்றுதான் கூட வேண்டும். ஐந்தாம் வாரம் 25 நிமிடம், நான்கு நாள். ஏழாம் வாரம் முடியும்போது 30 நிமிடம், ஐந்து நாள். 150 வந்துவிட்டது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

நின்றாலும் அந்த அடைப்பு விடாமல் இருந்திருந்தால் கதை வேறு. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"மூச்சு வாங்குது. அளவுக்கு மீறிப் போறேனான்னு எப்படித் தெரியும்?"

பேசிப் பாருங்கள். கூட வருகிறவரிடம், நேற்று என்ன மீன் வாங்கினீர்கள், என்ன விலை, எப்படி வைத்தீர்கள் என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் அதிகம், மெதுவாக்குங்கள். பாட்டே பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

கையில் கட்டும் வாட்சில் நாடித்துடிப்பைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். கர்ப்பத்தில் உடலில் ரத்தத்தின் அளவே கூடிவிடுவதால் சும்மா இருக்கும்போதும் துடிப்பு முன்பைவிட 10, 15 கூடுதலாக ஓடும். வாட்சுக்கு அது தெரியாது. படியேறினால் மூச்சு வாங்குவதும் ஓரளவு இயல்புதான். நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்க வேண்டும்.

"எந்த நேரத்துல நடக்கலாம்? மழைக்காலத்துல என்ன செய்ய?"

காலை ஏழு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் மோசம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வேர்வை காயாது, வேர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் முதல் மாதங்களில் தாயின் உடல் சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்பது நல்லதல்ல. தகரக் கூரை அறையில் ஃபேன் இல்லாமல் பயிற்சி, சூடான அறையில் யோகா, காய்ச்சலோடு நடப்பது எல்லாமே இந்தக் காரணத்தால்தான் கூடாது. கிளம்பும் முன் ஒரு தம்ளர் தண்ணீர், வந்ததும் ஒரு தம்ளர். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் இன்னும் குடிக்க வேண்டும்.

ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நமக்கு உண்டு. செம்மண் ரோடும் பாசி பிடித்த முற்றமும் அப்போது வழுக்கும். அந்த நாட்களில் வெளியே போகாதீர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் தூக்கி ஐந்து நிமிடம், சற்று இருந்துவிட்டு இன்னொரு ஐந்து நிமிடம். அல்லது திண்ணையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

காலில் தளர்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் வார் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். சானல் கரையில் நடப்பவர்கள் வெளிச்சம் வந்த பிறகு மட்டும், ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடங்கள். நாய் துரத்தினால் ஓடும் உடம்பு இல்லை இது.

"மாமியார், 'குனிஞ்சு தூத்தா போதும் மக்களே, சுகப்பிரசவம் ஆகும்'னு சொல்லுவாங்க. வீட்டு வேலை போதாதா?"

அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், அதிலே ஒரு பாதி உண்மையும் இருக்கிறது: அசையாமல் கிடப்பதைவிட அசைவது நல்லது. ஆனால் ஈர்க்கு விளக்குமாறால் முற்றம் தூற்றும்போது மூச்சும் துடிப்பும் பெரிதாகக் கூடுவதில்லை, இடுப்பு மட்டும் நெடுநேரம் வளைந்தே நிற்கிறது. ஏழாம் மாதத்தில் வயிற்றின் பாரம் முன்னால் இழுக்க, கர்ப்பத்து ஹார்மோன்கள் மூட்டு இணைப்புகளைத் தளர்த்தியிருக்க, அந்த வளைவில் வலி பிடித்துக்கொள்ளும். நீளக் கைப்பிடி விளக்குமாறு வாங்கி நிமிர்ந்து நின்று தூற்றுங்கள். குனிந்து தூற்றினால்தான் சுகப்பிரசவம் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிடுங்கள். வாளி மேலே வரும் கடைசி நேரத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுக்கிறோம். அந்தப் பிடிப்பில் பிபி சட்டென்று ஏறும், அடிவயிற்றின் மேல் அழுத்தம் இறங்கும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும் அதே கணக்கில்தான், ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு அந்தப் பக்கமே வலிக்கும். தலையில் மீன்கூடை சுமந்து தெருத்தெருவாகப் போகிறவர்களும், விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நடைப்பயிற்சி சொல்வதே இல்லை. அவர்களுக்கு வேண்டியது இளைப்பாறுதல், இன்னொருவர் சுமக்க முன்வருவது. இதைப் படிக்கும் வீட்டுக்காரர்கள் கவனிக்கட்டும்.

"நடை தவிர வீட்டுக்குள்ள என்ன செய்யலாம்?"

மூன்று போதும்.

ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரோடு ஒட்டி வைத்த, சக்கரம் இல்லாத மர நாற்காலி. பாதம் தோளகலத்துக்கு விலகியிருக்கட்டும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், உட்காரும்போது உள்ளே எடுங்கள். எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு முறை. தொடைக்கும் பிட்டத்துக்கும் பலம் வரும். பிரசவத்துக்கு அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலிலிருந்து எழும்போது அந்தப் பலம்தான் வேண்டும்.

இரண்டு, சுவரில் சாய்ந்து இடுப்பை அசைப்பது. முதுகைச் சுவரில் ஒட்டி நின்று, முழங்காலை இலேசாக மடக்கி, இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மூடுவது போல அடிவயிற்றை உள்ளே இழுங்கள். நான்கு எண்ணும் வரை. விடுங்கள். பத்து முறை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு கீழ்முதுகு வலி இதில் குறையும்.

மூன்று, இடுப்படித் தசையை இறுக்குவது. இதைத்தான் பலர் தவறாகச் செய்கிறார்கள். காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒரே சமயத்தில் அடக்குவது போல உள்ளே மேலே இழுக்க வேண்டும். பிட்டம் இறுகக்கூடாது, தொடை ஒட்டக்கூடாது, மூச்சு நிற்கக்கூடாது. சோதிக்க வழி ஒன்று உண்டு, இழுத்தபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். குரல் இறுகி வந்தால் வயிற்றால் இழுக்கிறீர்கள், இடுப்படியால் அல்ல. முதலில் மூன்று நொடி பிடித்தாலே பெரிது. வாரம் வாரம் கூட்டிப் பத்து நொடிக்குப் போகலாம். நீளமாக எட்டு, அப்புறம் சட்சட்டென்று எட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். பிள்ளை பெற்றவர்கள் இருமும்போது துணி நனைவதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்வதில்லை. அதைத் தடுக்கப் பெரிதும் உதவுவது இந்தப் பயிற்சிதான்.

"யோகா வகுப்புக்குப் போலாமா?"

கர்ப்பிணிகளுக்கென்று நடத்தும் வகுப்பாக இருந்தால் போகலாம். மாதத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கை கால் நீட்டுவது, பூனை போல முதுகை வளைத்து நிமிர்த்துவது, பத்தகோணத்தில் உட்காருவது, இழுத்துப் பிடிக்காத மூச்சு, இவை நல்லவை. கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் வேண்டாம். குப்புறப் படுக்கும் புஜங்காசனம், தனுராசனம், தலைகீழ் ஆசனங்கள், வயிற்றைப் பிழிவது போல முறுக்குவது வேண்டாம். சூரிய நமஸ்காரம் பழகாதவர் கர்ப்பத்தில் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று. மூட்டுகள் தளர்ந்திருப்பதால் இப்போது முன்பைவிட அதிகம் வளைய முடியும். "ஆஹா, வளையுதே" என்று கடைசி வரை இழுக்காதீர்கள். முடியும் தூரத்தில் முக்கால் போனால் போதும்.

"கடல், குளத்துல நீந்தலாமா?"

சுத்தமான, ஆழம் தெரிந்த நீச்சல் குளத்தில், முன்பே நீந்தத் தெரிந்தவர் நீந்தலாம். தண்ணீர் பாரத்தைத் தாங்குவதால் கால் வீக்கத்துக்கு அது சுகம். நம் கடலில் வேண்டாம். முட்டத்திலும் சங்குத்துறையிலும் கரையோர அலையே ஆளைத் தள்ளிவிடும், இடுப்பளவு தண்ணீரில்கூட நிற்க முடியாது. கோயில் குளத்தின் படியில் பாசி இருக்கும். திற்பரப்பில் அருவிக்கு அடியில் நிற்பதும் அப்படித்தான், பாறை வழுக்கும், மேலிருந்து விழும் தண்ணீரின் அடி வயிற்றில் படும்.

"ஸ்கிப்பிங், ஜூம்பா, ஓட்டம், ஜிம்?"

இதுவரை செய்யாதவர் இப்போது தொடங்க வேண்டாம். குதிப்பதும் திடீரென்று திரும்புவதும் தளர்ந்த மூட்டுக்கு ஆகாது, வயிறு முன்னால் வரும்போது சமநிலையும் மாறுகிறது. கபடி, ஷட்டில், வாலிபால் இவற்றில் விழவும் வயிற்றில் அடிபடவும் வாய்ப்பு இருப்பதால் அடியோடு விடுங்கள். ரோட்டில் சைக்கிளும் அப்படியே. நிலையாக நிற்கும் சைக்கிள் இருந்தால் மிதிக்கலாம், கைப்பிடியை உயர்த்தி வையுங்கள்.

"மல்லாந்து படுத்துச் செய்யுற பயிற்சி கூடாதுன்னு சொல்றாங்களே?"

நான்காம் மாதத்துக்கு அப்புறம் நெடுநேரம் வேண்டாம். முதுகெலும்பை ஒட்டி, கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம் ஒன்று ஓடுகிறது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் அதன் மேல் இறங்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், தலை சுற்றும், குமட்டும், வியர்க்கும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். நான் சொன்ன துணிக்கடைப் பெண்ணுக்கு 22-ஆம் வாரம் இது நடந்தது. போனில் பார்த்த ஒரு வீடியோவின்படி பாயில் மல்லாந்து காலைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார், கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இடதுபுறம் புரண்டதும் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. அன்றே அந்தப் பயிற்சியை நிறுத்தினோம். தூக்கத்தில் அறியாமல் மல்லாந்துவிட்டால் பயப்பட வேண்டாம், விழித்ததும் புரண்டு படுங்கள்.

"நடந்தா அடிவயித்து எலும்பு வலிக்குது. விட்டுடலாமா?"

அடிவயிற்றுக்குக் கீழே, இரண்டு இடுப்பெலும்பும் முன்னால் சேரும் இடத்தில் வலி வந்தால் அங்குள்ள இணைப்பு அதிகம் தளர்ந்திருக்கலாம். ஒற்றைக்காலில் நிற்கும்போது குத்தும், பஸ் படியில் ஏறும்போது, கட்டிலில் புரளும்போது குத்தும். அதே பெண்ணுக்கு 30-ஆம் வாரம் இது வந்தது. விட்டுவிடச் சொல்லவில்லை, மாற்றினோம். 30 நிமிடத்தை மூன்று பத்து நிமிடமாகப் பிரித்தோம், எடுத்து வைக்கும் அடியையும் சிறிதாக்கினோம். உடுப்பு மாற்றுவதை உட்கார்ந்து செய்யச் சொன்னேன், படியில் ஒவ்வொரு படியாக இரண்டு காலும் சேர்த்து வைத்து ஏறச் சொன்னேன். கட்டிலிலிருந்து எழும்போது முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்து ஒரே உருட்டாகப் புரண்டு எழ வேண்டும். பத்து நாளில் வலி பாதியாயிற்று. வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பது வீரம் அல்ல, அது வலியைக் கூட்டும்.

"சுகர் டெஸ்ட்ல 152 வந்திருக்கு. நடந்தா குறையுமா?"

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நம் மருத்துவமனைகளில் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு அளவோடு சேர்த்து நடை நன்றாக உதவும். ஆனால் நேரம் மாறும். காலையில் வெறும் வயிற்றில் அரை மணி நடப்பதற்குப் பதில், மூன்று வேளையும் சாப்பிட்டு சற்று நேரத்தில் 10, 15 நிமிடம் நடங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் தொடைத் தசை அதை எடுத்துக்கொள்ளும். மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்ட மதியம்தான் பலருக்கு அளவு எகிறும், அந்த வேளை நடையைத் தவற விடாதீர்கள், வெயிலுக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் கையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். கை நடுங்கி, வேர்த்து, படபடத்தால் நின்று அதை வாயில் போடுங்கள். எத்தனை மணிக்கு நடக்கலாம் என்று ஊசி எழுதிய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எப்போ உடனே நிறுத்தணும்?"

ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும். தண்ணீர் போல வழிந்தால். வயிறு கல் போல இறுகி, விட்டு, மறுபடி இறுகி, ஒழுங்காக வந்தால். நெஞ்சு வலித்தாலோ நின்ற பிறகும் நெஞ்சடைப்பு விடாவிட்டாலோ. கிளம்பும் முன்பே மூச்சு முட்டினால். தலைவலியோடு கண் மங்கினால். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால். அப்படியென்றால் அதைத் தேய்க்கக்கூடாது, அங்கே ரத்தம் உறைந்திருக்கலாம்.

நின்றதும் உட்காருங்கள், முடிந்தால் இடதுபுறம் படுங்கள். ரத்தம், தண்ணீர், நெஞ்சு, மூச்சு சம்பந்தப்பட்டது என்றால் வீட்டுக்கு நடந்து போய்ப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அந்த இடத்திலிருந்தே 108-ஐக் கூப்பிட்டு எத்தனை வாரம் என்று முதலில் சொல்லுங்கள்.

குழந்தையின் அசைவு நடக்கும்போது தெரியாமல் இருக்கலாம், ஆட்டத்தில் பலர் உணர்வதில்லை. வந்து, ஏதாவது குடித்து, இடதுபுறம் படுத்து, வயிற்றில் கை வையுங்கள். வழக்கமாக அசையும் நேரத்தில் வழக்கம்போல அசையவில்லை என்று தோன்றினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே காட்டிவிடுங்கள்.